அடக்க விலை இடிக்கிறதா? பிரெய்ட்டையும் சுங்க வரியையும் பிரிப்பதில் வரும் பிழைகள்

பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் இறக்குமதி செய்யும் கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக்கொடுப்பது என் வேலை. ஒரே கண்டெய்னரில் பலவகைச் சரக்கு வரும். பிரெய்ட் பில் ஒன்று, சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி ஒன்று, இன்ஷூரன்ஸ் ஒன்று. இந்த மொத்தத் தொகைகளை ஒவ்வொரு பொருளின் தலையிலும் ஏற்றி அடக்க விலை கண்டுபிடிக்க வேண்டும். இங்கே நடக்கும் தவறு உடனே கண்ணில் படாது. மொத்தம் சரியாகவே டேலி ஆகும். ஒரு பொருளுக்குக் கூடிய தொகை இன்னொன்றில் குறைந்திருக்கும், அவ்வளவுதான். விலை போட்டு விற்றுப் பல மாதம் கழித்துத்தான் ஏதோ இடிக்கிறது என்று தெரியவரும். அதனால், முதலில் தென்படும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும்படி இதை எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு எல்சிஎல் முறையில், அதாவது பிறர் சரக்கோடு கண்டெய்னரைப் பகிர்ந்துகொண்டு, மூன்று பொருள்கள் வருகின்றன. எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. வரி வீதமும் அப்படித்தான். உங்கள் எச்எஸ் கோடுக்கு என்ன வீதமோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கதவுக் கீல்: 4,000 எண்ணம், விலை ₹6,00,000, எடை 2,400 கிலோ, கன அளவு 1.5 சிபிஎம், அடிப்படைச் சுங்க வரி 10%.

டிஜிட்டல் பூட்டு: 200 எண்ணம், விலை ₹12,00,000, எடை 400 கிலோ, 2 சிபிஎம், வரி 15%.

பிளாஸ்டிக் விளக்கு மூடி: 2,000 எண்ணம், விலை ₹2,00,000, எடை 200 கிலோ, 5.5 சிபிஎம், வரி 10%.

விலை எஃப்ஓபி, அதாவது கடல் பிரெய்ட்டும் இன்ஷூரன்ஸும் சேராதது, மொத்தம் ₹20,00,000. கடல் பிரெய்ட் ₹54,000. இன்ஷூரன்ஸ் ₹6,000.

அறிகுறி 1: ஒரு பொருள் நன்றாக விற்கிறது, ரிப்போர்ட்டில் லாபமும் காட்டுகிறது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. இன்னொரு பொருளில் பக்கத்துக் கடைக்காரர் விலைக்கு நம்மால் இறங்கவே முடியவில்லை.

இவை இரண்டும் ஒன்றாக வந்தால் பிரெய்ட்டைப் பிரித்த விதத்தைத்தான் முதலில் பாருங்கள். பெரும்பாலும் எல்லாச் செலவும் விலை விகிதத்தில் பிரிந்திருக்கும். அதுதான் சுலபம் என்பதால் பழக்கமும் அதுவாகிவிடுகிறது.

₹54,000-ஐ விலை விகிதத்தில் பிரித்தால், நூறு ரூபாய்ச் சரக்குக்கு ₹2.70. கீலுக்கு ₹16,200, பூட்டுக்கு ₹32,400, விளக்கு மூடிக்கு வெறும் ₹5,400. ஒரு மூடிக்கு ₹2.70.

எடை விகிதத்தில் பிரித்தால் கிலோவுக்கு ₹18. கீலுக்கு ₹43,200, பூட்டுக்கு ₹7,200, மூடிக்கு ₹3,600. ஒரு மூடிக்கு ₹1.80 ஆகிறது. பிரெய்ட் என்றால் எடைதான் என்று நம்பி இதற்கு மாறுகிறவர்கள் உண்டு. இந்தச் சரக்கில் மாறினால் தவறு இன்னும் பெரிதாகும்.

காரணம் பிரெய்ட் பில்லிலேயே இருக்கிறது. எல்சிஎல் சரக்குக்கு டன் எத்தனை, சிபிஎம் எத்தனை என்று பார்த்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். நம் சரக்கு 3 டன், ஆனால் 9 சிபிஎம். ஆகவே 9-க்குத்தான் பில் வந்திருக்கிறது, சிபிஎம்முக்கு ₹6,000. நாம் பணம் கொடுத்தது இடத்துக்கு. எடைக்கும் இல்லை, விலைக்கும் இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டது விளக்கு மூடி. அந்தக் கணக்கில் கீலுக்கு ₹9,000, பூட்டுக்கு ₹12,000, மூடிக்கு ₹33,000. ஒரு மூடிக்கு ₹16.50.

நூறு ரூபாய் மூடியில் ₹2.70-க்கும் ₹16.50-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு கடையின் லாபம் முழுவதையும் தின்றுவிடும். அதனால் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: கட்டணம் எந்த அலகில் வந்ததோ, அந்த அலகில் பிரிக்க வேண்டும்.

விமானத்தில் வந்தால் பில்லில் ‘சார்ஜபிள் வெயிட்’ என்று ஒரு எண் இருக்கும். பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் கன எடை கிலோவில் வரும். மொத்தச் சரக்கின் கன எடை நிஜ எடையைவிட அதிகம் என்றால் கன எடையில் பிரியுங்கள். இல்லையென்றால் நிஜ எடை. முழுக் கண்டெய்னராக எடுத்தால் வாடகை மொத்தமாகத்தான் வரும், அலகு எதுவும் பில்லில் இருக்காது. அப்போது கண்டெய்னர் எதனால் நிறைந்தது என்று கேளுங்கள். இடம் தீர்ந்து கதவை மூடினார்களா, கன அளவு. பாதி இடம் காலியாக இருந்தும் எடை வரம்பு வந்துவிட்டதா, எடை. டைல்ஸ், இரும்பு கொண்டுவருகிறவர்களுக்கு இரண்டாவது நிலைமை நன்றாகப் பழக்கம்.

மென்பொருளில் இதைச் செய்ய வழி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. Odoo-வில் `Split Method` என்ற இடத்தில் `By Weight`, `By Volume`, `By Current Cost` என்று தனித்தனியே உண்டு. ERPNext-இன் Landed Cost Voucher-இல் `Qty`, `Amount` என்று இரண்டும், புதிய பதிப்புகளில் கையால் பிரிக்க `Distribute Manually`-யும் உண்டு. கன அளவில் வேண்டுமென்றால் வெளியே கணக்குப் போட்டு இதில் நிரப்ப வேண்டும். டேலியில் கூடுதல் செலவை எண்ணிக்கையிலோ மதிப்பிலோதான் பிரிக்கலாம். அங்கேயும் விரிதாளில் போட்டுக்கொண்டு, பொருளுக்குப் பொருள் தொகையைக் கையால் ஏற்றுவதுதான் நான் செய்வது.

அறிகுறி 2: சுங்க வரியின் மொத்தம் சரி, ஆனால் ஒரு பொருளுக்கான வரி பில் ஆஃப் என்ட்ரியோடு ஒத்துப்போகவில்லை.

ஒத்துப்போகாது. ஏனென்றால் வரியை நாம் பிரிக்கவே கூடாது. சுங்கத் துறை அதை ஏற்கெனவே பொருள்வாரியாகப் பிரித்துத்தான் கொடுத்திருக்கிறது.

நம் உதாரணத்தில் பிரெய்ட்டும் இன்ஷூரன்ஸும் சேர்ந்து ₹60,000, எஃப்ஓபி விலையில் 3%. பில் ஆஃப் என்ட்ரியில் இது விலை விகிதத்தில்தான் ஒவ்வொரு பொருளிலும் ஏறியிருக்கும். கீலின் மதிப்பீட்டு மதிப்பு ₹6,18,000, பூட்டு ₹12,36,000, மூடி ₹2,06,000. இதன்மேல் அடிப்படை வரி, அந்த வரியின்மேல் 10% சமூகநல சர்சார்ஜ். கீலுக்கு ₹67,980, பூட்டுக்கு ₹2,03,940, மூடிக்கு ₹22,660. மொத்தம் ₹2,94,580.

இந்த மொத்தத்தை எடுத்து விலை விகிதத்தில் பரப்பினால் கீலுக்கு ₹88,374 வருகிறது, கட்டியதைவிட ₹20,394 அதிகம். ஒரு கீலுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல். பூட்டுக்கு ₹27,192 குறைகிறது, ஒரு பூட்டுக்கு ஏறக்குறைய ₹136. பதினைந்து சதவீத வரிச் சரக்கின் சுமையைப் பத்து சதவீதச் சரக்கு சுமக்கிறது. எல்லாப் பொருளுக்கும் ஒரே வரி வீதம் என்றால் மட்டும் இந்தத் தவறு வெளியே தெரியாமல் தப்பும். அடுத்த சரக்கில் வேறு வீதம் வந்ததும் பிடித்துக்கொள்ளும்.

ஒரு சந்தேகம் வரும்: சுங்கத்தில் பிரெய்ட் விலை விகிதத்தில் பிரிந்திருக்க, நாம் கன அளவில் பிரிக்கலாமா? தாராளமாக. அங்கே பிரித்தது வரி போட. அந்த வரி நிஜமாகக் கட்டிய தொகை, அதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். பிரெய்ட்டோ நம் அடக்கத்துக்கான செலவு. இரண்டும் வேறு வேலைகள்.

அறிகுறி 3: அடக்கம் வழக்கத்தைவிட எல்லாப் பொருளிலும் ஒரே சதவீதம் தூக்கலாக இருக்கிறது.

ஏறக்குறைய 18% தூக்கல் என்றால் ஐஜிஎஸ்டியைச் சேர்த்துவிட்டீர்கள். சலான் ஒன்றாக வருவதால் மொத்தத்தையும் ‘கஸ்டம்ஸ் டியூட்டி’ என்ற ஒரே கணக்கில் எழுதும் பழக்கத்தால் வருவது இது. நம் சரக்குக்கு ஐஜிஎஸ்டி மட்டும் நாலே கால் லட்சம் போகும். உள்ளீட்டு வரி வரவாக அது திரும்பக் கிடைக்கும்போது அடக்கத்தில் ஏறக்கூடாது. சலானைப் பதியும்போதே அடிப்படை வரி, சர்சார்ஜ், ஐஜிஎஸ்டி என்று மூன்றாகப் பிரித்துவிடுங்கள். ஆண்டி டம்பிங் வரி இருந்தால் அது அடக்கத்தில் சேரும், எந்தப் பொருளுக்கு விதித்தார்களோ அந்தப் பொருளுக்கு மட்டும். விதிவிலக்கு: காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு ஐஜிஎஸ்டி வரவு கிடையாது. அவருக்கு அது அடக்கமேதான்.

18% இல்லை, வேறு ஏதோ சதவீதம் என்றால் பிரெய்ட்டை இரண்டு முறை ஏற்றியிருக்கலாம். சப்ளையர் இன்வாய்ஸ் சிஐஎஃப் விலையா என்று பாருங்கள். சிஐஎஃப் என்றால் கடல் பிரெய்ட்டும் இன்ஷூரன்ஸும் அந்த விலைக்குள்ளேயே இருக்கின்றன. பில் ஆஃப் என்ட்ரியில் பிரெய்ட் என்று ஒரு கட்டம் தெரிகிறதே என்று அதையும் சேர்த்தால் இரட்டிப்பு.

அந்தக் கட்டம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். பிரெய்ட் எவ்வளவு என்று காட்ட முடியாதபோது 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகள்படி எஃப்ஓபியில் 20% பிரெய்ட்டாகவும், இன்ஷூரன்ஸ் தெரியாவிட்டால் 1.125%-ம் ஏற்றி வரி போடுவார்கள். அது கற்பனைத் தொகை. யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதன்மேல் கட்டிய வரி நிஜம், அந்தப் பிரெய்ட் நிஜமில்லை. விமானச் சரக்கில் தலைகீழாக நடக்கும்: நிஜ பிரெய்ட் எவ்வளவு ஆனாலும் வரிக்கு எஃப்ஓபியில் 20%-க்கு மேல் எடுக்கமாட்டார்கள். பத்து லட்ச ரூபாய்ச் சரக்குக்கு மூன்று லட்சம் விமானக் கட்டணம் கொடுத்திருந்தால் பில் ஆஃப் என்ட்ரியில் இரண்டு லட்சம்தான் இருக்கும். அடக்கத்தில் மூன்று லட்சம் ஏற வேண்டும். ஆகவே பிரெய்ட் தொகையை பார்வர்டர் பில்லிலிருந்து எடுங்கள், வரியை பில் ஆஃப் என்ட்ரியிலிருந்து எடுங்கள். மாற்றி எடுக்காதீர்கள்.

தூக்கல் சின்னதாக, ஒரு சதவீதம், ஒன்றரை சதவீதம் என்று இருந்தால் டாலர் மாற்று வீதம். சுங்கத்தில் வரிக்கென்று அறிவித்த வீதம் வேறு, வங்கி வீதம் வேறு. சரக்கின் விலையைச் சுங்க வீதத்தில் ரூபாயாக்கிக் கணக்கில் ஏற்றக்கூடாது. கொள்முதலைப் பதிந்த நாளின் வீதத்தில்தான் ஏற்ற வேண்டும். பிறகு பணம் அனுப்பும்போது வரும் மாற்று வீத வித்தியாசம் லாப நட்டக் கணக்குக்குப் போகும், சரக்கின் தலையில் ஏறாது.

அறிகுறி 4: ஒரு பொருளுக்குப் பிரெய்ட்டே விழவில்லை. அல்லது ஒரே பொருள் மொத்தப் பிரெய்ட்டையும் விழுங்கிவிட்டது.

எடையில் பிரிக்கும் முறையை மென்பொருளில் தேர்ந்தெடுத்துவிட்டு, பொருளின் கார்டில் எடையை நிரப்பாமல் விட்டிருப்பார்கள். எடை பூஜ்யம் என்றால் பங்கும் பூஜ்யம். பிழைச் செய்தி வராது, பேசாமல் மற்றப் பொருள்களின்மேல் ஏற்றிவிடும். ஒன்றே விழுங்கியிருந்தால், அந்தப் பொருளுக்கு மட்டும் பெட்டியின் எடையை ஒரு எண்ணத்தின் எடையாகப் போட்டிருப்பார்கள். கீல் ஒன்று 0.6 கிலோ. நாற்பது கீல் உள்ள பெட்டி 24 கிலோ. 0.6 இருக்க வேண்டிய இடத்தில் 24 இருந்தால் கீலின் எடை 2,400 கிலோவுக்குப் பதில் 96 டன்னாகக் கணக்கில் நிற்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். மென்பொருள் எடுத்துக்கொண்ட மொத்த எடையை பேக்கிங் லிஸ்ட்டின் அடியில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் குறைந்தால் நெட் எடையைப் போட்டிருக்கிறீர்கள். எல்லாப் பொருளுக்கும் நெட்டாகவே இருந்தால் பெரிய பாதகமில்லை, சிலவற்றுக்கு நெட், சிலவற்றுக்குக் கிராஸ் என்று கலந்தால்தான் விகிதம் கெடும். ஏணிவைத்தாலும் எட்டாத வித்தியாசம் என்றால் பெட்டி எடைதான்.

அறிகுறி 5: கோடவுனில் மிச்சமிருக்கும் கொஞ்சச் சரக்கின் விலை திடீரென்று எகிறிவிட்டது.

சரக்கு வந்து விற்கத் தொடங்கிய பிறகு பிரெய்ட் பில் வந்திருக்கும். விளக்கு மூடியில் 1,500 விற்றாகிவிட்டது, 500 மிச்சம். இப்போது மூடியின் பங்கான ₹33,000-ஐ இருப்பில் ஏற்றினால், அது 500 மூடியின்மேல் விழுந்து ஒன்றுக்கு ₹66 ஆகிறது. நூறு ரூபாய் மூடிக்கு ₹66 பிரெய்ட்!

வகுக்க வேண்டியது வந்த 2,000-ஆல், இருக்கிற 500-ஆல் அல்ல. ஒன்றுக்கு ₹16.50 என்றால் விற்றுப்போன 1,500-க்கு ₹24,750 விற்ற சரக்கின் அடக்கத்துக்குப் போகும், ₹8,250 மட்டும் இருப்பில் ஏறும். உங்கள் மென்பொருள் இதைத் தானாகச் செய்கிறதா என்று ஒரு பழைய கொள்முதலை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். செய்யாவிட்டால் ஜர்னல் போட்டுத்தான் ஆக வேண்டும். இன்னும் நல்ல வழி, பார்வர்டரின் கொட்டேஷனை வைத்துச் சரக்கு இறங்கிய அன்றே பிரெய்ட்டை உத்தேசமாக ஏற்றிவிட்டு, பில் வந்ததும் வித்தியாசத்தை மட்டும் சரிசெய்வது. விலை போடுகிறவர் முதல் நாளே முழு அடக்கத்தைப் பார்க்கிறார் என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அறிகுறி 6: ஒரே பொருள், ஒரே சப்ளையர், ஒரே விலை. ஆனால் இந்த முறை அடக்கம் மட்டும் கூடிவிட்டது.

சரக்கு துறைமுகத்தில் கிடந்ததா என்று கேளுங்கள். டெமரேஜ், கண்டெய்னர் டிடென்ஷன், வரியைத் தாமதமாகக் கட்டியதற்கு 15% வட்டி, பில் ஆஃப் என்ட்ரியைத் தாமதமாகத் தாக்கல் செய்ததற்கு முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு ₹5,000-மும் அதன்பிறகு நாளொன்றுக்கு ₹10,000-மும் கட்டணம். கிளியரிங் ஏஜென்ட் எல்லாவற்றையும் ஒரே பில்லில் போட்டு அனுப்புவார், நாமும் ‘கிளியரிங் செலவு’ என்று ஒரே தலைப்பில் ஏற்றிவிடுவோம். இவை சரக்கைக் கொண்டுவர ஆகும் வழக்கமான செலவு அல்ல, தாமதத்தின் விலை. நேரே செலவுக் கணக்குக்குப் போக வேண்டும். அடக்கத்தில் கலந்தால் அடுத்த மாத இருப்பின் மதிப்பு வீங்கும், எங்கே தாமதம் நடந்தது என்பதும் மறைந்துபோகும்.

சரிபார்க்க ஒரு விரிதாள்

2 முதல் 4 வரையுள்ள வரிசைகளில் மூன்று பொருள்கள், 5 காலி. B எண்ணிக்கை, C விலை, D எடை, E சிபிஎம், F பில் ஆஃப் என்ட்ரியில் உள்ளபடி வரியும் சர்சார்ஜும். B10-இல் பிரெய்ட், B11-இல் இன்ஷூரன்ஸ். G-யில் மொத்த அடக்கம், H-இல் ஒன்றுக்கான அடக்கம். இன்ஷூரன்ஸ் சரக்கின் மதிப்புக்குத் தகுந்தபடி வாங்குவது, அதனால் அது மட்டும் விலை விகிதத்தில் பிரிகிறது.

```
G2: =C2+F2+$B$10*E2/SUM($E$2:$E$4)+$B$11*C2/SUM($C$2:$C$4)
H2: =G2/B2
G6: =SUM(G2:G5)-SUM(C2:C5)-SUM(F2:F5)-B10-B11
```

G2, H2 இரண்டையும் 4-ஆம் வரிசைவரை இழுத்துவிடுங்கள். எடையில் பிரிக்க வேண்டியிருந்தால் E-க்குப் பதில் D. G6 பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஏதோ ஒரு வரிசை கூட்டலுக்குள் வரவில்லை. 5-ஆம் வரிசையில் நான்காவது பொருளைச் சேர்த்துவிட்டு G-யின் சூத்திரத்தில் உள்ள வரம்பை நீட்டாமல் விடுவதுதான் வழக்கமான காரணம்.

நம் உதாரணத்தில் கீல் ஒன்று ₹169.70, பூட்டு ₹7,097.70, மூடி ₹128.13. மொத்தம் ₹23,54,580. எல்லாவற்றையும் விலை விகிதத்தில் பரப்பியிருந்தால் மொத்தம் இதேதான் வரும். ஆனால் கீல் ₹176.59, பூட்டு ₹7,063.74, மூடி ₹117.73 என்று நிற்கும். மூடியை ₹125-க்கு விற்று ஏழு ரூபாய் லாபம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் கடைக்காரர், ஒவ்வொன்றிலும் மூன்று ரூபாய்க்கு மேல் இழக்கிறார். கீலை ₹175-க்கு விற்றால் நட்டம் என்று பயந்து விட்டுக்கொடுத்த ஆர்டரிலோ ஐந்து ரூபாய் நின்றிருக்கும்.

பைசா வித்தியாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. H-ஐ இரண்டு தசமத்துக்கு முழுமைப்படுத்தி எண்ணிக்கையால் மறுபடி பெருக்கினால் கீலில் மட்டும் ₹20 கூடும், ஏனென்றால் நிஜத் தொகை 169.695. கணக்கில் ஏற்றும்போது G-யின் மொத்தத் தொகையையே ஏற்றுங்கள், ஒன்றுக்கான விலையை மென்பொருளே வகுத்துக்கொள்ளட்டும். முழுமைப்படுத்திய விலையைத்தான் ஏற்ற முடியும் என்றால், அந்த வித்தியாசத்தைப் பெரிய தொகையுள்ள பொருளில், இங்கே பூட்டில், கழித்துச் சரிக்கட்டிவிடுங்கள். 14 லட்சத்தில் அந்த இருபது ரூபாய் யார் விலையையும் மாற்றாது.